சேமிப்புக் குழுவின் மாதச் சந்தாவும் நிலுவையும்: விரிதாளில் எப்படி வைப்பது?

பொருளாளர்_புதுசு

எங்கள் சேமிப்புக் குழுவின் கணக்கு இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. முன்பு பார்த்தவர் ஒரு எக்செல் ஃபைல் கொடுத்துவிட்டுப் போனார். இடது பக்கம் பெயர்கள், மேலே ஜனவரி, பிப்ரவரி என்று மாதங்கள். பணம் வந்தால் அந்தக் கட்டத்தில் 500 என்று போட்டுப் பச்சை நிறம் அடிப்பார். வராவிட்டால் கட்டம் காலி.

எல்லாரும் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் இது போதும். ஆனால் செல்வம் என்பவர் ஏப்ரலில்தான் சேர்ந்தார், அவருக்கு இரண்டு பங்கு. சேர்த்துச் சேர்த்துக் கட்டுவார், அடுத்த மாதத்துக்கும் கொஞ்சம் கொடுத்துவிடுவார். மாலதி முடிந்ததைக் கட்டுவார், 250 கூட வரும். போதாததற்கு ஜூலையிலிருந்து சந்தாவை 500லிருந்து 700 ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் "எனக்கு எவ்வளவு பாக்கி?" என்று கேட்கிறார்கள், நான் கால்குலேட்டரைத் தேடுகிறேன். பெயருக்கு நேரே நிலுவை தானாக வந்து நிற்க வேண்டும். எனக்கு SUM தெரியும், IF கொஞ்சம் தெரியும். அவ்வளவுதான்.

வேகமானவன்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? காலிக் கட்டங்களை எண்ணிச் சந்தாவால் பெருக்கினால் முடிந்தது.

```
=COUNTBLANK(B4:M4)*500
```

ஒரே வரி. நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன், இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை.

பொருளாளர்_புதுசு

போட்டுப் பார்த்தேன். மாலதிக்கு ஜூலைக் கட்டத்தில் 250 இருக்கிறது. கட்டம் காலி இல்லை என்பதால் அந்த மாதம் முழுதாகக் கட்டியதாக எடுத்துக்கொள்கிறது. இன்னும் வராத டிசம்பருக்கும் சேர்த்துப் பாக்கி காட்டுகிறது.

வேகமானவன்

சரி, வரம்பை இந்த மாதம் வரைக்கும் சுருக்குங்கள். 250 கட்டியவருக்குக் கையால் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்காக எல்லாவற்றையும் மாற்றுவானேன்?

பேரேடு

ஒரு ஆள் இல்லையே. செல்வத்துக்கும் அந்தக் கட்டம் ஒத்துவராது. அவர் ஒரே நாளில் மூன்று மாதத்துக்குக் கொடுத்தால் அதை மூன்று கட்டத்தில் பிரித்துப் போடவேண்டும். போட்ட பிறகு "எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்" என்பது காணாமல் போய்விடும். நாளைக்கு "நான் ஜூனில் 1,500 கொடுத்தேனே" என்று யாராவது கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. பச்சை நிறமும் உதவாது. SUM, COUNT வகையறா எதற்கும் நிறம் தெரியாது, செல்லுக்குள் இருக்கும் மதிப்பு மட்டும்தான் தெரியும்.

அடிப்படையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்றுவரை இவர் எவ்வளவு கட்டியிருக்க வேண்டும்? இன்றுவரை எவ்வளவு கட்டினார்? இரண்டையும் தனித்தனியாக வைத்துக் கழித்தால் அதுதான் நிலுவை. பணம் எந்த மாதத்துக்கு என்று நீங்கள் முடிவு செய்யவே வேண்டாம். அரை மாதம், மூன்று மாதம், முன்பணம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

ஒரே ஃபைலில் மூன்று ஷீட் வையுங்கள்.

முதலாவது "வரவு". பணம் வந்தால் ஒரு வரி. A தேதி, B பெயர், C வகை (சந்தா, அபராதம்), D தொகை, E யார் கையில் கொடுத்தார் என்ற குறிப்பு. கீழே கீழே எழுதிக்கொண்டே போவதுதான். நடுவில் மொத்தம் போடக்கூடாது, செல்களை இணைக்கக்கூடாது, மாதத்துக்கு ஒரு காலி வரி விடும் பழக்கமும் வேண்டாம்.

இரண்டாவது "தவணை". A-வில் ஒவ்வொரு மாதத்தின் கெடு தேதி, B-யில் ஒரு பங்குக்கு அந்த மாதச் சந்தா. உங்கள் கெடு 10ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். 10-01-2025க்கு நேரே 500, ஜூன் வரை அப்படியே, 10-07-2025க்கு நேரே 700. ஐந்து வருடத்துக்கு 60 வரி, இரண்டாவது வரியில் தொடங்கினால் 61இல் முடியும். சந்தா மறுபடி மாறினால் அந்த மாதத்திலிருந்து எண்ணை மாற்றினால் போதும், எந்த ஃபார்முலாவையும் தொட வேண்டாம்.

மூன்றாவது "உறுப்பினர்". B1-இல் எந்தத் தேதி நிலவரப்படி கணக்கு வேண்டும் என்று எழுதுங்கள். நான்காவது வரியிலிருந்து A பெயர், B சேர்ந்த தேதி, C எத்தனை பங்கு. D கட்டவேண்டியது:

```
=C4*SUMIFS('தவணை'!$B$2:$B$61,'தவணை'!$A$2:$A$61,">="&B4,'தவணை'!$A$2:$A$61,"<="&$B$1)
```

அதாவது தவணைப் பட்டியலில், இவர் சேர்ந்த தேதியிலிருந்து B1 தேதி வரைக்கும் விழும் சந்தாக்களை மட்டும் கூட்டிப் பங்கு எண்ணிக்கையால் பெருக்குகிறோம். E கட்டியது:

```
=SUMIFS('வரவு'!$D$2:$D$2000,'வரவு'!$B$2:$B$2000,A4,'வரவு'!$C$2:$C$2000,"சந்தா",'வரவு'!$A$2:$A$2000,"<="&$B$1)
```

F-இல் `=D4-E4`. கூட்டல் எண் வந்தால் நிலுவை, கழித்தல் எண் வந்தால் அவர் முன்பணம் கொடுத்திருக்கிறார். அந்த $ குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் கீழே இழுக்கும்போது வரம்பும் சேர்ந்து இறங்கிவிடும். முதல் பெயருக்குச் சரியாக இருக்கும், பத்தாவது பெயருக்கு முதல் ஒன்பது வரவுகள் கணக்கில் வராது, பிழைச் செய்தியும் வராது.

B1-இல் TODAY() போடலாம். ஆனால் கூட்டத்தில் வாசித்த கணக்கை அப்புறம் திறந்தால் எண்கள் மாறியிருக்கும். நான் தேதியைக் கையால்தான் எழுதுவேன்.

மாடிவீடு

நல்ல இழை. எங்கள் குழுவில் கடன் கொடுக்கிறோம். 10,000 வாங்கியவர் மாதம் அசலில் கொஞ்சம், வட்டியில் கொஞ்சம் என்று கட்டுகிறார். மேலே சொன்ன ஃபார்முலாவில் வட்டியை எங்கே சேர்ப்பது? குறையும் அசலுக்குத்தான் வட்டி.

பேரேடு

இவர் கேட்டது சந்தா பாக்கி. கடன் கணக்கு இதில் சேராது, அதற்குத் தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம். ஒன்று மட்டும் இங்கேயே சொல்கிறேன். வரவு ஷீட்டில் C வகையில் "கடன் அசல்", "கடன் வட்டி" என்று தனியாக எழுதுங்கள். E-யில் உள்ள ஃபார்முலா "சந்தா" என்று இருக்கும் வரிகளை மட்டுமே எடுக்கும், அதனால் கடன் பணம் சந்தாவில் கலக்காது. ஒருவர் ஒரே நோட்டுக்கட்டாக எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தாலும், வகைக்கு ஒரு வரியாகத்தான் எழுதவேண்டும்.

பொருளாளர்_புதுசு

நன்றி சார். பழைய கட்டத்தில் உள்ளதை எப்படி வரவு ஷீட்டுக்குக் கொண்டுவருவது? பணம் வந்த தேதிகள் எனக்குத் தெரியாது.

பேரேடு

தெரியாத தேதியைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒவ்வொருவரும் இதுவரை கட்டிய மொத்தத்தை, நீங்கள் பொறுப்பு ஏற்ற தேதியில் ஒரே வரியாக எழுதுங்கள். குறிப்பில் "பழைய கணக்கின்படி" என்று போடுங்கள். அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் வாசித்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிற்பாடு தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் உண்மையான தேதியோடு ஏறும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், B1-இல் அந்தத் தேதிக்கு முந்திய நாளைப் போட்டால் யாரும் எதுவும் கட்டாதது போலத்தான் காட்டும்.

லினக்ஸ்_ராசா

நான் லிப்ரே ஆபிஸ் கால்க் வைத்திருக்கிறேன். ஃபார்முலாவை ஒட்டினால் பிழை வருகிறது.

பேரேடு

கால்க்கில் ஷீட் பெயருக்கும் செல்லுக்கும் நடுவே ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி வரும். Tools > Options > LibreOffice Calc > Formula போய் Formula syntax என்ற இடத்தில் Excel A1 என்று மாற்றினால் அப்படியே ஒட்டலாம். சில கணினிகளில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும். அது மொழி அமைப்பைப் பொறுத்தது. ஷீட் பெயரைச் சுற்றி இருக்கும் ஒற்றை மேற்கோளை எடுத்துவிடாதீர்கள்.

பொருளாளர்_புதுசு

போட்டுவிட்டேன், வேலை செய்கிறது! B1-இல் 31-08-2025 வைத்துப் பார்த்தேன்.

செல்வம்: கட்டவேண்டியது 5,800, கட்டியது 6,500, நிலுவை -700.
மாலதி: கட்டவேண்டியது 4,400, கட்டியது 3,250, நிலுவை 1,150.
கௌரி: கட்டவேண்டியது 4,400, கட்டியது 3,700, நிலுவை 700.

முதல் இரண்டும் கையால் போட்ட கணக்கோடு பொருந்துகிறது. செல்வத்துக்கு ஏப்ரல், மே, ஜூன் மூன்று 500, அப்புறம் இரண்டு 700, மொத்தம் 2,900, இரண்டு பங்குக்கு 5,800. சரிதான். ஆனால் கௌரி அக்கா ஒரு மாதம்கூடத் தவறியவர் இல்லை. ஆகஸ்ட் 700ஐ நானே வாங்கி நானே எழுதினேன். வரவு ஷீட்டில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஃபார்முலா மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது.

வேகமானவன்

பார்த்தீர்களா, இதற்குத்தான் கட்டமே மேல் என்றேன். எண் எழுத்தாக மாறியிருக்கும். அந்த 700 செல்லில் இடது பக்கம் ஒட்டி நிற்கிறதா?

பொருளாளர்_புதுசு

இல்லை, வலது பக்கம்தான் நிற்கிறது. தேதியும் சரியாக இருக்கிறது.

யாழ்_எழுத்துரு

அப்படியென்றால் பெயரைப் பாருங்கள். உறுப்பினர் ஷீட்டில் ஒரு வெற்றுச் செல்லில் `=LEN(A5)` போடுங்கள், A5-இல் கௌரி இருந்தால். வரவு ஷீட்டில் அந்தப் பெயர் உள்ள செல்லுக்கும் அதே போல LEN போடுங்கள். இரண்டு எண்களும் என்ன?

பொருளாளர்_புதுசு

உறுப்பினர் ஷீட்டில் 4. வரவு ஷீட்டில் ஆகஸ்ட் வரிக்கு மட்டும் 5. எங்கேயும் இடைவெளி இல்லையே, TRIM போட்டும் 5தான்.

யாழ்_எழுத்துரு

அதேதான். "கௌரி"யில் க-வுக்குப் பிறகு ஔகாரக் குறி வரவேண்டும், அது ஒரே எழுத்துக்குறி. ஆகஸ்ட் வரியில் "கெளரி" என்று விழுந்திருக்கும். அதாவது கெ, அப்புறம் தனியாக ள. திரையில் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்று போலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். LEN தனித்தனிக் குறிகளை எண்ணுவதால் முதலாவதுக்கு 4, இரண்டாவதுக்கு 5. மௌனிகா, சௌமியா, பௌர்ணமி என்று ஔகாரம் வரும் எந்தப் பெயரிலும் இது நடக்கும். வேறு யாராவது போனிலிருந்து பதிவு செய்தார்களா?

பொருளாளர்_புதுசு

ஆமாம், அந்த வரியை என் போனில் தட்டினேன். மற்றதெல்லாம் கணினியில். திருத்தியதும் நிலுவை 0 ஆகிவிட்டது. இதை மனிதக் கண் எப்படிக் கண்டுபிடிக்கும்?

பேரேடு

கண்ணை நம்பவே வேண்டாம். பெயரைத் தட்டச்சு செய்யும் வாய்ப்பையே எடுத்துவிடுங்கள். வரவு ஷீட்டில் B நெடுவரிசையைத் தேர்ந்து, Data > Data Validation போய், List என்று வைத்து, மூலமாக உறுப்பினர் ஷீட்டின் பெயர்களைக் காட்டுங்கள். C வகைக்கும் அதே மாதிரி. இனிமேல் பட்டியலிலிருந்துதான் எடுக்க முடியும். ஆனால் வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எக்செலில் இந்தத் தடை வேலை செய்யாது. அதனால் வரவு ஷீட்டின் F-இல் ஒரு காவலும் வைப்பேன்:

```
=IF(B2="","",IF(COUNTIF('உறுப்பினர்'!$A$4:$A$40,B2)=0,"பெயர் பொருந்தவில்லை",""))
```

அப்புறம் உறுப்பினர் ஷீட்டின் மேலே, F1-இல் ஒரு சரிபார்ப்பு:

```
=SUMIFS('வரவு'!$D$2:$D$2000,'வரவு'!$C$2:$C$2000,"சந்தா")-SUM($E$4:$E$40)
```

வரவில் ஏறிய மொத்தச் சந்தாவும், ஆள்வாரியாக விழுந்த மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். B1-இல் இன்றைய தேதியோ அதற்குப் பிந்தியதோ இருக்கும்போது இந்த எண் 0 ஆக இருக்க வேண்டும். கௌரி விஷயத்தில் இது 700 என்று காட்டியிருக்கும். எந்த வரியில் என்பதை வரவு ஷீட்டின் F நெடுவரிசை காட்டும்.

வேகமானவன்

அப்போது இந்த ஒரு சரிபார்ப்பு இருந்தால் எல்லாப் பிழையும் மாட்டிக்கொள்ளும்.

பேரேடு

மாட்டாது, அங்கேதான் ஏமாறுவோம். நீங்களே சொன்னீர்களே, எண் எழுத்தாக மாறும் விஷயம், அது இதில் தப்பித்துவிடும். யாராவது 700/- என்று எழுதினால் அது எழுத்து. SUMIFS இரண்டு பக்கமும் அதைக் கூட்டாது. மொத்தத்திலும் இல்லை, ஆள் கணக்கிலும் இல்லை. வித்தியாசம் 0 என்று காட்டி நம்மைத் தூங்க வைத்துவிடும். அதற்குத் தனியாக ஒன்று வேண்டும்:

```
=COUNTA('வரவு'!$D$2:$D$2000)-COUNT('வரவு'!$D$2:$D$2000)
```

நிரம்பிய செல்கள் எத்தனை, அதில் எண்கள் எத்தனை என்று கழிக்கிறது. 0 இல்லையென்றால் எங்கேயோ எழுத்து புகுந்திருக்கிறது. இதற்கெல்லாம் மேலே, வரவு ஷீட்டின் D நெடுவரிசை மொத்தத்திலிருந்து செலவைக் கழித்தால் வங்கி இருப்பும் கைரொக்கமும் சேர்ந்த தொகையோடு ஒத்துப்போக வேண்டும். ஃபார்முலா தாள் தன்னைத்தானே சரிபார்க்கும். பணப்பெட்டியை ஆள்தான் எண்ண வேண்டும்.

யாழ்_எழுத்துரு

தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினியின் மொழி அமைப்பு மாதத்தை முன்னால் எதிர்பார்த்தால், 05/04/2025 என்று நீங்கள் எழுதியது ஏப்ரல் 5 ஆகாமல் மே 4 ஆகிவிடும். 13/04/2025 என்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது, அதனால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். இரண்டாவது வகையை மேலே சொன்ன F1 காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் தேதி நிபந்தனை E-யில் மட்டும்தான் இருக்கிறது. முதல் வகை சத்தமில்லாமல் தப்பான மாதத்தில் போய் உட்காரும். A நெடுவரிசையை dd-mmm-yyyy வடிவத்துக்கு மாற்றிவிட்டால் மாதம் எழுத்தில் தெரியும், எழுதும்போதே கண்ணில் படும்.

பொருளாளர்_புதுசு

மூன்று காவலும் வைத்துவிட்டேன். இப்போது மாலதி கேட்கிறார்: "1,150 என்று சொல்லாதே, எந்த மாதம் வரைக்கும் கட்டியிருக்கிறேன் என்று சொல்." 1,150 என்றால் அவருக்கு விளங்கவில்லை. ஆகஸ்டும் ஜூலையில் பாதியும் என்றால் விளங்கும். இதற்கு வழி இருக்கிறதா?

பேரேடு

இருக்கிறது. கட்டிய பணம் பழைய மாதத்திலிருந்து வரிசையாக நிரம்புகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். தவணை ஷீட்டின் C2-இல் `=SUM($B$2:B2)` போட்டுக் கீழே இழுங்கள். 500, 1,000, 1,500 என்று ஏறிக்கொண்டே போகும். ஜூனில் 3,000, ஜூலையில் 3,700, ஆகஸ்டில் 4,400. மாலதி கட்டிய 3,250 எங்கே விழுகிறது? 3,000ஐத் தாண்டிவிட்டது, 3,700ஐத் தொடவில்லை. ஆக ஜூன் வரை முழுசு, ஜூலையில் 250 வந்திருக்கிறது. ஜூலை மீதி 450, ஆகஸ்ட் 700, கூட்டினால் அதே 1,150.

நடுவில் சேர்ந்தவருக்கு, அவர் சேர்வதற்கு முன்பு போன தவணைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உறுப்பினர் G4-இல்:

```
=IFERROR(INDEX('தவணை'!$A$2:$A$61,MATCH(E4/C4+SUMIFS('தவணை'!$B$2:$B$61,'தவணை'!$A$2:$A$61,"<"&B4),'தவணை'!$C$2:$C$61,1)),"-")
```

செல்வத்துக்குப் போட்டுப் பாருங்கள். 6,500ஐ இரண்டு பங்கால் வகுத்தால் 3,250. அவர் சேர்வதற்கு முந்திய மூன்று மாதம் 1,500. சேர்த்தால் 4,750. 4,400ஐத் தாண்டுகிறது, எனவே ஆகஸ்ட் வரை முழுசு. G-யை mmm yyyy வடிவத்தில் வையுங்கள். ஒரு குறை இருக்கிறது. நடுவில் சேர்ந்து இன்னும் ஒரு முழுத் தவணைகூடக் கட்டாதவருக்கு, அவர் சேர்வதற்கு முந்திய மாதத்தைக் காட்டும். அந்த ஆளிடம் "மார்ச் வரை கட்டிவிட்டீர்கள்" என்று வாசித்துவிடாதீர்கள்.

மாடிவீடு

எங்கள் குழுவில் ஒருவர் பெயர் வரிசையைச் சரிசெய்கிறேன் என்று பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்து அகரவரிசைப்படுத்திவிட்டார். தொகைகள் அப்படியே நின்றன, பெயர்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. யார் கட்டியது யார் பெயரில் என்றே தெரியவில்லை. அன்றைக்கே பார்த்ததால் பழைய பதிப்பை மீட்டெடுக்க முடிந்தது.

யாழ்_எழுத்துரு

அது கொடுமை, ஏனென்றால் மொத்தம் மாறாது, மேலே சொன்ன எந்தக் காவலும் கத்தாது. வரவு ஷீட்டை வரிசைப்படுத்தவே வேண்டாம். ஒரு ஆளின் வரிகள் மட்டும் வேண்டுமென்றால் ஃபில்டர் போட்டுப் பாருங்கள். எழுதும் உரிமை ஒருவருக்கு, பார்க்கும் உரிமை மற்றவர்களுக்கு என்று வைப்பது நல்லது.

வேகமானவன்

சரி, தாமதமானால் அபராதம் உண்டா? எங்களுக்கு நிலுவையில் 2%. ஒரு நெடுவரிசை சேர்த்து இதைப் போட்டுவிடுங்கள்:

```
=F4*2%
```

பொருளாளர்_புதுசு

எங்களுக்கும் அதே 2%தான், மாதக் கடைசியில் பார்ப்போம். போட்டேன். மாலதிக்கு 23 வருகிறது, சரி. செல்வத்துக்கு -14 வருகிறது. முன்பணம் கொடுத்ததற்கு நாம் அவருக்கு 14 கொடுக்க வேண்டுமா? :)

வேகமானவன்

ஹா ஹா. `=MAX(0,F4)*2%` என்று மாற்றுங்கள்.

பேரேடு

கழித்தல் பிரச்சினை போய்விட்டது. பெரியது அப்படியே இருக்கிறது. செப்டம்பர் 5ஆம் தேதி மாலதி 1,150ஐக் கொண்டுவந்து கொடுக்கிறார். B1-ஐ அந்தத் தேதிக்கு மாற்றினால் F4 பூஜ்யம் ஆகிறது. அபராதமும் அதனோடு பூஜ்யம். 23 எங்கே போனது? அவர் தாமதித்ததற்கான தடயமே இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஜூலை 31இல் அவருக்கு நிலுவை 450, அதற்கு அபராதம் 9. ஆகஸ்ட் 31இல் நிலுவை 1,150, அபராதம் 23. இரண்டும் சேர்ந்து 32 வரவேண்டும். ஃபார்முலாவுக்கு அன்றைய நிலுவை மட்டும்தான் தெரியும், அதனால் 23 என்றே சொல்லும். பழைய மாதத்தின் 9 அதற்குத் தெரியாது.

நிலுவை என்பது எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கணக்கிடக்கூடியது. அபராதம் ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்துவிட்ட ஒன்று, அதை எழுதிவைக்க வேண்டும். "அபராதம்" என்று நான்காவது ஷீட் வையுங்கள்: தேதி, பெயர், தொகை. மாதக் கடைசியில் B1-இல் அந்தத் தேதியைப் போட்டு, உங்கள் 2% நெடுவரிசையில் வரும் எண்ணைப் பார்த்து, யாருக்கு வருகிறதோ அவர் பெயரில் எண்ணாக எழுதுங்கள். ஃபார்முலாவாக ஒட்டாதீர்கள், மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். அப்புறம் அபராத ஷீட்டின் கூட்டுத்தொகையிலிருந்து, வரவில் "அபராதம்" என்ற வகையில் வந்ததைக் கழித்தால் அபராதப் பாக்கி. சந்தாவுக்குப் போட்ட அதே SUMIFSதான், ஷீட்டும் வகையும் மட்டும் வேறு.

வேகமானவன்

மாதாமாதம் கையால் எழுதுவதா? எண்களை நாமே எழுதுவதற்கு நோட்டே போதுமே.

பேரேடு

யார் யாருக்கு எவ்வளவு என்று ஃபார்முலா சொல்கிறது. தள்ளுபடி செய்யலாமா என்று குழு சொல்கிறது. ஆஸ்பத்திரிச் செலவில் இருப்பவருக்கு ஒரு மாதம் அபராதம் வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்த வரியை எழுதாமல் விடலாம். தானாக ஓடும் ஃபார்முலாவில் அதற்கு இடமில்லை.

பொருளாளர்_புதுசு

புரிகிறது. இன்னொரு சந்தேகம். மாலதி செப்டம்பர் 5இல் 1,150தான் கொண்டுவருவார், அபராதம் 32ஐத் தரமாட்டார், அவர் குணம் எனக்குத் தெரியும். வரவில் 1,150ஐயும் சந்தா என்று எழுதவா, இல்லை 32ஐ அபராதத்துக்கு எடுத்துக்கொண்டு 1,118ஐச் சந்தாவாக எழுதவா?

வேகமானவன்

அபராதத்தை முதலில் எடுங்கள். இல்லாவிட்டால் ஒருத்தரும் அபராதம் கட்டமாட்டார்கள்.

யாழ்_எழுத்துரு

அப்படி எடுத்தால் சந்தாவில் 32 நிலுவை நிற்கும், அடுத்த மாதக் கடைசியில் அந்த 32க்கும் 2% விழும். அபராதத்துக்கே அபராதம் போட்ட மாதிரிதான். எங்கள் குழுவில் சந்தாவை முதலில் நிரப்பிவிட்டு, அபராதப் பாக்கியை வருடக் கடைசியில் பங்கு பிரிக்கும்போது கழித்துக்கொள்கிறோம்.

வேகமானவன்

வருடக் கடைசி வரைக்கும் பாக்கி நிற்கும் அபராதம் என்ன அபராதம்?

பேரேடு

தாளுக்கு இரண்டும் ஒன்றுதான். அபராதத்தை முதலில் எடுத்தால் வரவில் இரண்டு வரி, சந்தாவை முதலில் நிரப்பினால் ஒரு வரி. எந்த வழி என்பது உங்கள் குழுவின் விதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாலதி வருவதற்கு முன்பே கூட்டத்தில் வைத்து முடிவு செய்துவிடுங்கள். அவர் பணத்தோடு வந்து நிற்கும்போது விதி எழுதினால், அது அவருக்காகவே எழுதிய விதியாகிவிடும்.

பொருளாளர்_புதுசு

விதிப் புத்தகத்தில் "தாமதத்துக்கு 2%" என்று மட்டும் இருக்கிறது. எதிலிருந்து முதலில் கழிப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. கூட்டம் இந்த ஞாயிறு. கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

மாடிவீடு

கேட்டுவிட்டு வாருங்கள். எங்களுக்கும் இதே சண்டை இருக்கிறது, அங்கே அபராதம் நாள் கணக்கில் போடுகிறார்கள். அதற்கு ஃபார்முலா யாரிடமாவது இருக்கிறதா?